ஆரஞ்சுத் தேதிக்கு அடியில் இருக்கும் படம்

அத்தை வீட்டுக் கூடத்தில் அப்பத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வாசலில் பொங்கல் பானை, பக்கத்தில் கோலம், அரக்குச் சேலையில் அப்பத்தா குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். வலது கீழ் மூலையில் `'98 1 14` என்று ஆரஞ்சு நிறத்தில் தேதி. அப்பத்தா இறந்தது பல வருடம் கழித்து. ஆனால் மாலை போட்ட படத்துக்குக் கீழே ஒரு தேதி இருந்தால் நம் ஊரில் அதை எப்படிப் படிப்பார்கள்? "வர்றவங்க எல்லாம் அதைச் செத்த தேதின்னு நெனச்சுக்கிறாங்கப்பா. அதை மட்டும் எடுத்துக் குடு" என்றார் அத்தை.

அதற்கு முன்பே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பார்த்திருந்தார். தேதி போயிருந்தது, அது இருந்த இடத்தில் சேலைக்கரை கரைந்து, வாழைப்பழத்தை அப்பியது போல ஒரு திட்டு வந்திருந்தது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் சுலபமாக முடிந்திருக்கும். அத்தைக்குப் பானையும் வேண்டும், கோலமும் வேண்டும்.

அந்தத் திட்டு வந்ததற்குக் கைத்திறன் குறைவு மட்டும் காரணமில்லை. தேதியை ஒரு கறையாக நினைத்து, அதன்மேல் வேறு எதையோ பூசியதுதான் காரணம். ஃபிலிம் கேமராவின் தேதி, படத்தின்மேல் அச்சடித்த மை அல்ல. படத்தோடு கலந்த கூடுதல் வெளிச்சம். அதனால் அதற்கு அடியில் இருந்த படம் பெரும்பாலும் முழுதாக அழிந்திருக்காது. எந்த நிறத்தில் அழிந்தது, எந்த நிறத்தில் பிழைத்தது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பாதிக்குமேல் மீட்டுவிடலாம். மீதிக்குத்தான் பூச்சு வேலை.

தேதி எப்படி விழுகிறது

எண்பது, தொண்ணூறுகளின் தானியங்கிக் கேமராக்களில் ஃபிலிமை மூடும் பின்கதவுக்குள் ஒரு சின்னக் கடிகாரமும் ஒரு சின்ன விளக்கும் இருக்கும். பட்டன் அழுத்தும்போது லென்ஸ் வழியாக முன்பக்கம் படம் விழும். அதே நேரத்தை ஒட்டிப் பின்கதவு விளக்கு எரிந்து, எண்களின் வடிவில் ஃபிலிமின் பின்பக்கத்தில் வெளிச்சம் பாய்ச்சும். படத்தில் தேதி சரியான பக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கதவுக்குள் எண்கள் திருப்பி வைக்கப்பட்டிருக்கும்.

கலர் ஃபிலிமில் மூன்று நிறத்துக்கும் மூன்று அடுக்குகள் உண்டு. லென்ஸ் பக்கம் மேலே நீலத்தைப் பதியும் அடுக்கு, நடுவில் பச்சை, அடியில் பிளாஸ்டிக்கை ஒட்டிச் சிவப்பு. பின்பக்கமிருந்து வரும் வெளிச்சம் முதலில் சிவப்பு அடுக்கைத்தான் தொடும். விளக்கின் ஒளியும் நீலம் குறைந்த சிவந்த ஒளிதான். ஆகவே சிவப்பு அடுக்கு நிறைய வாங்கிக்கொள்ளும். பச்சை அடுக்கு கொஞ்சம் வாங்கும். நீல அடுக்குக்கு ஏறக்குறைய எதுவும் போய்ச் சேராது. நிறையச் சிவப்பும் கொஞ்சம் பச்சையும் சேர்ந்தால் ஆரஞ்சு. விளக்கு பலமாக எரிந்திருந்தால் பச்சை இன்னும் கூடி, எண்ணின் நடு மஞ்சளாகவும் ஓரம் சிவப்பாகவும் தெரியும். கருப்பு வெள்ளை ஃபிலிமில் இதே தேதி வெள்ளையாகத்தான் விழும்.

இது கூடுதல் வெளிச்சம் என்பதால், பின்னணி எவ்வளவு இருட்டோ அவ்வளவு பளிச்சென்று தேதி தெரியும். வெள்ளை வேட்டிமேல் விழுந்தால் அநேகமாகத் தெரியாது. அங்கே சிவப்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டது, கூட்டினாலும் ஏறாது. இருட்டில் நடப்பதுதான் சேதம். சேலையின் மடிப்பிலிருந்து வரும் சிவப்பு ஒளி ஓரிடத்தில் 1 பங்கு, பக்கத்தில் 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு கண்ணுக்குத் தெரிவது இந்த இரட்டிப்பால்தான். அங்கே தேதி விளக்கு 20 பங்கு ஒளியைக் கொட்டினால் 21, 22 என்று ஆகிவிடும். இரண்டு மடங்கு வித்தியாசம் நூற்றுக்கு ஐந்தாகச் சுருங்கியது. சிவப்பில் மடிப்பு மறைந்தது. நீலத்தில் அதே மடிப்பு 1, 2 என்றே நிற்கிறது. முழு வேலையும் இந்த ஒரு கணக்கின்மேல்தான் நிற்கிறது.

ஸ்கேன் செய்வதற்கு முன்

முதலில் நெகட்டிவைத் தேட வேண்டும். கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்து அந்த மூலையைப் பார்க்கலாம். தேதி கேமராவில் விழுந்தது என்றால் நெகட்டிவிலும் எண்கள் இருக்கும். இல்லையென்றால் அது லேபில் பிரிண்ட் போடும்போது சேர்த்தது. 1996-இல் வந்த ஏபிஎஸ் வகை ஃபிலிமில் தேதியைப் படத்தின்மேல் எரிக்காமல் தனித் தகவலாகப் பதிந்து, பிரிண்ட் போடும்போதே சேர்த்தார்கள். அப்படிப்பட்ட நெகட்டிவ் சுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. எண்கள் இருந்தாலும் நெகட்டிவிலிருந்து எடுப்பது நல்லது, ஏனென்றால் பிரிண்ட் தாளைவிட நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். தாளில் அப்பட்டமாக நிரம்பிப் போன சிவப்பில்கூட நெகட்டிவில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்கலாம்.

அத்தையிடம் நெகட்டிவ் இல்லை. 4×6 பிரிண்ட் மட்டும்தான். அதைச் சட்டத்திலிருந்து எடுத்து, 600 டிபிஐ-யில், பிஎன்ஜி கோப்பாக ஸ்கேன் செய்தேன், 3600×2400 புள்ளிகள். ஸ்கேனரின் கூர்மையாக்கும் வசதியையும் தானியங்கி நிறத் திருத்தத்தையும் அணைத்துவிட வேண்டும். கூர்மையாக்கினால் எண்களைச் சுற்றி ஒரு கருங்கோடு உருவாகும். தேதியை எடுத்த பிறகும் அந்தக் கோடு எண்ணின் எலும்புக்கூடாக நிற்கும்.

போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் இந்த வேலை நடக்காது. ஜேபெக் கோப்பு பொதுவாக வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைப் பாதி நீள அகலத்திலும் வைத்துக்கொள்ளும். அதனால் எண்ணின் ஆரஞ்சு அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குக் கசிந்து, பிழைத்திருந்த நீலத்தையும் கலக்கிவிடும்.

பிழைத்த நிறத்திலிருந்து மீட்பது

ஜிம்ப் மென்பொருளில் `Colors > Components > Decompose` என்பதைத் தேர்ந்து, `RGB` வைத்தால் படம் மூன்று கருப்பு வெள்ளை அடுக்குகளாகப் பிரியும். சிவப்பு அடுக்கில் `'98 1 14` டியூப்லைட் போல வெள்ளையாக எரிந்தது. பச்சையில் சாம்பலாக நின்றது. நீலத்துக்குப் போனால் தேதியைத் தேட வேண்டியிருந்தது. அத்தைக்கு அதைக் காட்டினேன். "எங்கப்பா போச்சு?" என்றார். சேலை மடிப்பும் கோலத்தின் இழையும் அங்கே அப்படியே இருந்தன.

தேதி மூன்று வேறு பொருள்கள்மேல் விழுந்திருந்தது. `'98` அரக்குச் சேலைமேல். `1` கடுகு மஞ்சள் கரைமேல். `14` சாணம் மெழுகிய தரைமேலும் அதில் போட்ட கோலத்தின்மேலும். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன.

முதலில் சேலை. எண்ணுக்குப் பக்கத்தில் நல்ல சேலைத் துணியில் புள்ளியை அளந்தால் சிவப்பு 96, பச்சை 44, நீலம் 52. எண்ணுக்குள் சிவப்பு 236, பச்சை 118, நீலம் 58. நீலம் வெறும் 6 மட்டும் ஏறியிருக்கிறது. ஆக, நீலத்தில் எண்ணுக்குள் 58 என்று இருப்பது சிவப்பில் 96 ஆகவும் பச்சையில் 44 ஆகவும் மாற வேண்டும். சிவப்பு அடுக்கில் எண்ணைத் தேர்வு செய்து, தேர்வை 4 புள்ளி விரித்து, விளிம்பை 3 புள்ளி மென்மையாக்கி, அதே தேர்வோடு நீல அடுக்குக்குப் போய் நகல் எடுத்து, சிவப்பு அடுக்கின்மேல் அதே இடத்தில் ஒட்டினேன். பிறகு `Curves` கொண்டு 58-ஐ 96-க்குத் தூக்கினேன். மடிப்பின் இருட்டுப் பகுதிக்கும் இதேபோல் இன்னொரு புள்ளி வைத்ததும், எண் இருந்த இடத்தில் சேலை வந்து நின்றது. பச்சைக்கும் இதே முறை, 58-ஐ 44-க்கு இறக்க வேண்டும். எங்கும் பக்கத்துத் துணியைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. அந்த மடிப்பு அந்த இடத்தின் சொந்த மடிப்பு.

தரையிலும் இதே வழிதான், ஆனால் ஒரே `Curves`-இல் தரைக்கும் கோலத்துக்குமாக இரண்டு புள்ளிகள் வேண்டும். தரையில் நீலம் 78 இருந்தால் சிவப்பு 120. கோல இழையில் நீலம் 196 இருந்தால் சிவப்பு 214. ஒன்றை மட்டும் பொருத்தினால் மற்றது கெடும். இரண்டையும் பொருத்தினால் `14`-க்குள் ஓடிய கோல இழை, முன்பிருந்த வளைவோடு திரும்பி வந்தது. வெள்ளை இழையின்மேல் தேதி விழுந்த இடத்தில் பெரிய சேதம் இருக்கவில்லை. ஏற்கெனவே வெள்ளை என்பதால் லேசான மஞ்சள் சாயல் மட்டும்தான்.

இதில் வழக்கமாகக் கெடும் இடம் விளிம்பு. எண்ணின் வெளிச்சம் ஃபிலிமுக்குள் சிதறி, கோட்டுக்கு வெளியே நாலைந்து புள்ளிவரை மங்கிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியும் எண்ணை மட்டும் தேர்வு செய்தால் உள்ளே சுத்தமாகி, வெளியே ஒரு சிவந்த வளையம் எண் வடிவிலேயே நிற்கும். இன்னொரு பொறி, அடுக்குகளைத் திரும்பச் சேர்ப்பதில். ஒட்டிய துண்டை `Merge Down` கொண்டு அந்தந்த அடுக்கோடு கலந்துவிட்ட பிறகே `Compose` கொடுக்க வேண்டும். துண்டு தனி அடுக்காக நின்றால் அது கணக்கில் வராது, அல்லது நிறங்கள் மாறி விழும்.

கடன் வாங்கி நிரப்புவது

கரைமேல் விழுந்த `1` மட்டும் இந்த வழிக்கு மசியவில்லை. கடுகு மஞ்சளில் இயல்பாகவே நீலம் குறைவு. சிவப்பு 190, பச்சை 140 இருக்கும் இடத்தில் நீலம் 50-தான். அந்த இருட்டில் இழை இல்லை, தாளின் குறுகுறுப்பு மட்டுமே இருந்தது. அதைத் தூக்கி 190 ஆக்கினால் குறுகுறுப்பும் நான்கு மடங்கு பெருகி மணல் தூவியது போல ஆகிறது. நீலத்தில் எதுவும் இல்லாத பொருள்களுக்கு, அதாவது மஞ்சள் சேலை, சாமந்தி மாலை, நல்ல சிவப்புப் புடவை போன்றவற்றுக்கு, பிழைத்த நிறம் என்று ஒன்று கிடையாது. அங்கே பக்கத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதுதான்.

கடன் வாங்க இரண்டு கருவிகள் உண்டு. `Clone` எடுத்த இடத்தை அப்படியே கொண்டுவந்து வைக்கும். `Heal` எடுத்த இடத்தின் இழையை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் போய்ச் சேரும் இடத்தின் ஓரங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். சுலபம் என்று எல்லோரும் `Heal`-க்குத்தான் போவார்கள். ஆனால் அது நிறத்தை ஓரத்திலிருந்து எடுப்பதால், ஓரத்தில் ஒரு துளி ஆரஞ்சு மிச்சமிருந்தாலும் அதை உள்ளே இழுத்துப் பரப்பும். கரையும் சேலையும் சேரும் கோட்டில் வைத்தால் இரண்டு நிறத்தையும் கலந்து குழைக்கும். ஸ்டூடியோவிலிருந்து வந்த அந்தத் திட்டு இப்படித்தான் வந்திருக்க வேண்டும். நான் கரையின் கோட்டை முதலில் `Clone` கொண்டு, கரை ஓடும் திசையிலேயே சற்று மேலிருந்து எடுத்து, சின்னத் தூரிகையால் வைத்தேன். கோடு நேரான பிறகு உள்ளே இருக்கும் மஞ்சளுக்கு மட்டும் `Heal`.

ஒரு படம் என்றால் இப்படிச் செய்யலாம். ஒரே கேமராவில் எடுத்த 36 படங்களும் இருந்தால்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து ஸ்கேன் செய்தால் தேதி ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். பின்னணி வெறும் சுவர், மண் தரை, மங்கலான மரம் என்றால் ஒரு சிறு நிரலே போதும். ஓவியங்களில் உதிர்ந்த இடத்தைச் செப்பனிடுவோரின் வேலையைப் பார்த்து, 2000-ஐ ஒட்டிக் கணினியாளர்கள் உருவாக்கிய நிரப்பு முறைகளில், 2004-இல் டெலியா வெளியிட்ட ஒன்றை இந்த நிரல் பயன்படுத்துகிறது. அது ஓரத்திலிருந்து உள்நோக்கி, அக்கம்பக்கத்தின் சராசரியால் பள்ளத்தை மூடிக்கொண்டே போகும்.

```python
import cv2, numpy as np
img = cv2.imread("scan.png")
x, y, w, h = 2950, 2230, 520, 110
roi = img[y:y+h, x:x+w].copy()
b, g, r = cv2.split(roi.astype(np.int16))
mask = ((r > 170) & (r - b > 90)).astype(np.uint8) * 255
mask = cv2.dilate(mask, np.ones((3, 3), np.uint8), iterations=4)
img[y:y+h, x:x+w] = cv2.inpaint(roi, mask, 5, cv2.INPAINT_TELEA)
cv2.imwrite("clean.png", img)
```

`x, y, w, h` என்பது தேதி இருக்கும் பெட்டி. அதற்குள் சிவப்பு 170-க்கு மேலும், சிவப்பு நீலத்தைவிட 90-க்கு மேல் கூடுதலாகவும் உள்ள புள்ளிகளை எண் என்று எடுத்துக்கொள்கிறது. `dilate` வரி விளிம்புக்காக நான்கு புள்ளி விரிக்கிறது. அப்பத்தா படத்தில் இதை ஓட்டிப் பார்த்தேன். `'98`-இல் எண் போனது, மடிப்பும் மழுங்கியது. கரையில் விபரீதம். கடுகு மஞ்சளில் சிவப்பு 190, நீலம் 50, வித்தியாசம் 140. நிரல் கரை முழுவதையும் தேதி என்று நினைத்து, துடைத்துச் சேலை நிறத்தை இழுத்துவிட்டது. அதனால் நிரப்புவதற்கு முன் `mask` எதைப் பிடித்திருக்கிறது என்பதைத் தனிப் படமாகச் சேமித்து ஒருமுறை பார்க்க வேண்டும். எண் மட்டும் தெரிந்தால் மேலே போகலாம்.

போய்விட்டதா என்று எப்படித் தெரியும்

செய்து முடித்தவரின் கண் அந்த இடத்துக்குப் பழகிவிட்டிருக்கும். அதனால் கண்ணை நம்பாமல், நிறங்களைத் திரும்பவும் பிரித்து சிவப்பு அடுக்கை மட்டும் பார்க்க வேண்டும். அங்கே எண்ணின் நிழல் தெரிந்தால் வேலை பாக்கி. அடுத்தது, ஒரு தற்காலிக நகலில் மாறுபாட்டைப் பயங்கரமாகக் கூட்டிப் பார்ப்பது. விளிம்பில் விட்ட வளையம் இதில் மாட்டும். நிரப்பிய இடம் சுற்றிலும் இருப்பதைவிட வழுவழுப்பாக இருந்தால் அதுவும் தெரியும். ஃபிலிமின் குறுகுறுப்பு அங்கே மட்டும் இல்லை என்று அர்த்தம். மிகக் கொஞ்சமாக `Noise` தூவினால் சரியாகும். தேன்கூட்டு இழை போட்ட தாளில் அடித்த பிரிண்ட் என்றால் அந்த இழையும் தொடர வேண்டும், அங்கே `Clone` ஒன்றுதான் வழி. கடைசியாக, வேண்டிய அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கை தூரத்தில் பிடித்துப் பார்ப்பது. திரையில் தெரியாத நிறச் சாயல் தாளில் தெரிவதுண்டு.

எடுத்த தேதியை எங்கே வைப்பது

தேதியை எடுப்பதற்கு முன் அது உண்மைதானா என்று பார்ப்பது நல்லது. `'` குறி வருடத்தைக் காட்டும். மற்ற இரண்டில் எது மாதம், எது நாள் என்பது கேமராவில் வைத்த வரிசையைப் பொறுத்தது. பல கேமராக்களின் பின்கதவுத் திரையில் மாதத்தின்மேல் `M` என்று இருக்கும், படத்தில் அது விழாது. `1 2 '95` என்றால் ஜனவரி 2-ஆகவும் இருக்கலாம், பிப்ரவரி 1-ஆகவும் இருக்கலாம். அதே சுருளில் 12-க்கு மேல் ஒரு எண் வந்த படத்தைத் தேடினால் வரிசை தெரிந்துவிடும். பட்டன் பேட்டரி மாற்றினால் கடிகாரம் தன் ஆரம்ப நாளுக்குத் திரும்பிவிடும். யாரும் திருத்தாவிட்டால் அடுத்த சுருளெல்லாம் பொய்த் தேதிதான். அத்தை வீட்டு ஆல்பத்தில் ஒரு காதுகுத்து முழுக்க `'94 1 1` என்றே இருக்கிறது. காது குத்திக்கொண்ட பிள்ளை பிறந்ததே அதற்குப் பிறகு.

அப்பத்தா படத்துக்கு அந்தச் சந்தேகம் இல்லை. 1998-இல் பொங்கல் ஜனவரி 14. படத்தில் பானை பொங்கிக்கொண்டிருக்கிறது. எனவே அந்தத் தேதியைக் கோப்பின் தகவலில் எழுதிவைத்தேன். நேரம் தெரியாது என்பதால் பூஜ்யங்கள்.

```
exiftool -DateTimeOriginal="1998:01:14 00:00:00" appatha.jpg
```

திருத்தாத ஸ்கேனைத் தனியாக வைத்திருக்கிறேன். பழைய பிரிண்ட் ஆல்பத்துக்கே போனது, தேதியோடு. கூடத்துச் சட்டத்தில் இப்போது இருப்பது புதுப் பிரிண்ட். மாட்டுவதற்கு முன் அத்தை அதைக் கையில் வாங்கி, மூலையைப் பார்க்காமல் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எந்த வருசப் பொங்கல்னு பின்னாடி எழுதிரு, நாளைக்கு யாருக்கும் தெரியாது" என்றார். சட்டத்தின் பின் அட்டையில் எழுதினேன்: தைப்பொங்கல், 14.1.1998.